பதினோரு வயல், ஒரே ஏரி

2008 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்குச் சில நாள்தான் பாக்கி. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,070 புள்ளிகள் சரிந்து 8,701-ல் முடிந்தது. அந்த ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிப் போன குறியீடு அது.

அன்று மாலை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுக்காலப் பணத்தில் பெரும்பகுதியை அவர் மியூச்சுவல் ஃபண்டுகளில் போட்டிருந்தார். ஒரே ஃபண்டை நம்பக் கூடாது என்பதற்காகப் பதினோரு ஃபண்டுகள்: பெரிய நிறுவனங்களுக்கு ஒன்று, சிறிய நிறுவனங்களுக்கு ஒன்று, கட்டுமானத்துறைக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தவர். பதினொன்றும் சரிந்திருந்தன. கணக்குத் தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: “பதினோரு வயல்ல நட்டேன்டா. பதினொன்னுக்கும் ஒரே ஏரித் தண்ணின்னு இப்பத்தான் தெரியுது.”

அதன் பிறகு பங்குச் சந்தையைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். ‘ஒட்டுறவு’ என்று புள்ளியியல் சொல்லும் விஷயத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு முதலீடுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் ஒட்டுறவு. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே அசைந்தால் 1. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாவிட்டால் 0. ஒன்று ஏறும்போதெல்லாம் மற்றது இறங்கினால் -1. ஒரு முதலீட்டின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு ஏற்ற இறக்கமுள்ள இன்னொன்றைச் சரிபாதியாகச் சேர்க்கிறோம். இரண்டுக்கும் ஒட்டுறவு 0.9 என்றால் மொத்தப் பணத்தின் ஏற்ற இறக்கம் 19.5 சதவீதம். பாதிப் பணத்தை வேறு இடத்துக்கு மாற்றியும் ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை. ஒட்டுறவு 0 என்றால் அது 14 ஆகக் குறைகிறது. -0.5 என்றால் 10, அதாவது பாதி. எத்தனை இடங்களில் பிரித்தோம் என்பதைவிட அந்த இடங்களுக்கு இடையே என்ன உறவு என்பதுதான் முக்கியம்.

சித்தப்பாவின் பதினோரு ஃபண்டுகளுக்குள்ளும் 2007 வரை கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. ஒரு மாதம் வங்கிப் பங்குகள் ஏறும், மென்பொருள் நிறுவனங்கள் தேங்கி நிற்கும். அடுத்த மாதம் தலைகீழாகும். ஒவ்வொரு நிறுவனத்தின் விலையையும் அதனதன் செய்தி தீர்மானித்த காலம் அது. சரிவு வந்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அமெரிக்காவில் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நெருக்கடியில் இருந்த ஒரு முதலீட்டு நிறுவனம் இங்கே விற்கும்போது, நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்று பார்ப்பதில்லை. எது விற்குமோ அதை விற்கிறது. பயந்துபோன நம் ஊர் முதலீட்டாளர் ஃபண்டிலிருந்து பணம் எடுத்தால், ஃபண்டு மேலாளரும் கையிலிருக்கும் எல்லாப் பங்கிலும் கொஞ்சம் கொஞ்சம் விற்றாக வேண்டும். எல்லாப் பங்குக்கும் அப்போது ஒரே செய்தி: பணம் வெளியே போகிறது. அதனால் பங்குகளுக்கு இடையிலான ஒட்டுறவு 1-ஐ நோக்கி ஓடுகிறது. 2008-ல் சென்செக்ஸ் இழந்தது 52 சதவீதம். சிறிய நிறுவனங்களின் குறியீடு இழந்தது 70 சதவீதத்துக்கும் மேல். கட்டுமானத்துறைக் குறியீடு 80 சதவீதத்துக்கும் மேல். சித்தப்பா பாதுகாப்புக்காகச் சேர்த்த ஃபண்டுகள்தான் அதிகம் விழுந்தன.

இவ்வளவுதான் கதை என்றால், தேவைப்படும் நேரத்தில் பரவலாக்கம் கைவிட்டுவிடும் என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்கள் பார்ப்பது ஒரே வகைச் சொத்துக்குள் நடப்பதை. வெவ்வேறு வகைச் சொத்துகளுக்கு இடையே அதே மாதங்களில் நடந்தது வேறு. அந்த வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருந்தது, சித்தியின் பீரோவில்.

2007 முடிவில் ஒரு அவுன்ஸ் தங்கம் லண்டனில் சுமார் 834 டாலர். 2008 முடிவில் சுமார் 870 டாலர். நான்கு சதவீத ஏற்றம், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊர் நகைக்கடையில் அதே ஓராண்டில் தங்கம் 25 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. மீதி எங்கிருந்து வந்தது? ரூபாயிலிருந்து. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலர் 39 ரூபாய் சொச்சம். முடிவில் 48 ரூபாய்க்கு மேல். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் அந்த ஆண்டு இந்தியப் பங்குச் சந்தையிலிருந்து நிகரமாக 50,000 கோடி ரூபாய்க்கு மேல் வெளியே எடுத்தன. பங்கை விற்றால் கையில் வருவது ரூபாய். அதை ஊருக்குக் கொண்டுபோக டாலராக மாற்ற வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ரூபாயைக் கொடுத்து டாலர் கேட்டால் ரூபாய் மதிப்பு விழுகிறது. நாம் வாங்கும் தங்கம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி, விலை டாலரில். ரூபாய் விழுந்தால் இங்கே தங்கம் ஏறும்.

பங்கு விலையை இறக்கிய அதே கைதான் தங்க விலையை ஏற்றியது. சாதாரண மாதங்களில் இந்த இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. அப்போது தங்கத்துக்கும் பங்குக்கும் ஒட்டுறவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். வெளியேறும் பணம் வெள்ளமாகும்போதுதான் அது வேலை செய்யும். இந்திய முதலீட்டாளருக்குத் தங்கம் தரும் காப்பு பெருமளவில் டாலர் தரும் காப்பு. அமெரிக்காவில் இருப்பவருக்கு இந்த வசதி இல்லை.

அரசுக் கடன் பத்திரங்களும் தங்கள் வழியில் உதவின. பொருளாதாரம் தளர்ந்ததும் ரிசர்வ் வங்கி 2008 அக்டோபரில் 9 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை 2009 ஏப்ரலுக்குள் 4.75-க்குக் கொண்டுவந்தது. வட்டி இறங்கினால், கூடுதல் வட்டி தரும் பழைய பத்திரங்களின் விலை ஏறும். பங்குகளைத் தள்ளிவிட்ட அதே மந்தம் பத்திரங்களைத் தூக்கிவிட்டது.

10 லட்ச ரூபாயை வைத்துப் பார்ப்போம். 2007 டிசம்பர் கடைசியில் முழுவதையும் சென்செக்ஸ் பங்குகளில் போட்டிருந்தால், ஓராண்டு கழித்து 4.75 லட்சம். மாறாக 6 லட்சத்தைப் பங்கிலும், 2.5 லட்சத்தை 8 சதவீத வட்டிக்கு வங்கி வைப்பிலும், 1.5 லட்சத்தைத் தங்கத்திலும் போட்டிருந்தால், பங்கு 2.85 லட்சமாகக் குறைந்திருக்கும். வைப்பு 2.70 லட்சம், தங்கம் சுமார் 1.90 லட்சம். மொத்தம் 7.45 லட்சம். இழப்பு பாதிக்கு மேல் என்பது கால்வாசிக்குச் சற்று மேல் என்று ஆகிறது. பாதி இழந்தவர் பழைய இடத்துக்கு வர மீதிப் பணம் இரட்டிப்பாக வேண்டும். கால்வாசி இழந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு ஏறினால் போதும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த படி. 2008 முடிவில் அந்தப் பழைய விகிதத்துக்கே திரும்பலாம் என்று முடிவெடுத்தால், 7.45 லட்சத்தில் 60 சதவீதமான 4.47 லட்சம் பங்கில் இருக்க வேண்டும். தங்கத்தில் சுமார் 78,000 ரூபாயும் வைப்பில் 84,000 ரூபாயும் எடுத்துப் பங்கு வாங்க வேண்டும். ஊரே விற்றுக்கொண்டிருக்கும்போது வாங்க, மதிப்பு விழாத பணம் கையில் வேண்டும். அதைத் தருவது குறைந்த ஒட்டுறவுதான். 2009-ல் சென்செக்ஸ் 81 சதவீதம் ஏறியது. வைப்புக்கு 7 சதவீதம், தங்கத்துக்குச் சுமார் 20 சதவீதம் என்று கொண்டால், விகிதத்தைச் சரிசெய்தவரிடம் ஆண்டு முடிவில் சுமார் 11.4 லட்சம். சரிசெய்யாமல் விட்டவரிடம் 10.3 லட்சம். எல்லாவற்றையும் பங்கில் வைத்தவரிடம் 8.6 லட்சம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 2002 முடிவிலிருந்து 2007 முடிவுக்குள் சென்செக்ஸ் ஆறு மடங்கானது. அந்த ஐந்தாண்டும் தங்கமும் வைப்பும் வைத்திருந்தவர், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்.

உங்கள் முதலீடுகளுக்குள் ஒட்டுறவு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். ஐந்தாண்டு மாதக் கடைசி விலைகளை எடுத்து, ஒவ்வொரு மாதமும் எத்தனை சதவீதம் மாறியது என்று இரண்டு பத்திகளில் எழுதிவிட்டால், விரிதாளில் இந்த ஒரு வரி போதும்:

```
=CORREL(B2:B61, C2:C61)
```

விலைகளை அப்படியே கொடுத்துவிடுவது இங்கே பலர் செய்யும் பிழை. நீண்ட காலத்தில் தங்கமும் ஏறுகிறது, பங்கும் ஏறுகிறது. விலையைக் கொடுத்தால் விடை 1-ஐ நெருங்கி வந்து, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றலாம். மாற்றத்தைத்தான் கொடுக்க வேண்டும். கிடைத்த எண்ணையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. அது அறுபது மாதங்களின் சராசரி; அவற்றில் ஐம்பதுக்கு மேல் சாதாரண மாதங்களாக இருக்கும். சென்செக்ஸ் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்த மாதங்களை மட்டும் தனியே எடுத்து, அந்த மாதங்களில் மற்ற முதலீடு சராசரியாக என்ன செய்தது என்று பாருங்கள். நாம் தெரிந்துகொள்ள விரும்பும் விடை அங்கேதான் இருக்கிறது.

இந்த உறவுகள் இயற்கை விதிகள் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனா பீதி உச்சத்தில் இருந்தபோது, பத்து நாட்களுக்குள் தங்கமும் டாலரில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பங்கில் ஏற்பட்ட இழப்புக்கு ஈடுகட்டப் பணம் வேண்டியிருந்தவர்கள், லாபத்தில் இருந்த தங்கத்தையும் விற்றார்கள். சில வாரங்களில் அது மீண்டுவிட்டது; ஆனால் அந்தப் பத்து நாளில் தங்கத்தை விற்றாக வேண்டியிருந்தவருக்கு அது ஆறுதல் இல்லை. 2022-ல் அமெரிக்காவில் நடந்தது இன்னும் கடினமான பாடம். பங்குகளும் கடன் பத்திரங்களும் ஒரே ஆண்டில் இரட்டை இலக்கச் சதவீதத்தில் விழுந்தன. அங்கே சரிவுக்குக் காரணம் மந்தம் அல்ல, பணவீக்கம். விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றினார்கள். வட்டி ஏற்றம் இரண்டையும் ஒன்றாக இறக்கியது. மந்தத்தால் வரும் சரிவில் பத்திரம் காக்கும், பணவீக்கத்தால் வரும் சரிவில் காக்காது. எதிலிருந்து காப்பு வேண்டும் என்று கேட்காமல் ஒட்டுறவு எண்ணை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு பிடிபடாது.

சித்தப்பாவிடம் ஒரு மனையும் இருந்தது. அன்று மாலை கணக்குத் தாள்களை மடித்து வைத்துவிட்டு, “நல்லவேளை, மனை விலை எறங்கல” என்று சொன்னார். அதன் விலை எந்தத் திரையிலும் தினமும் ஓடவில்லை. அதனால் அது அசையாததாகத் தெரிந்தது. 2009 தொடக்கத்தில் அவருக்குப் பணம் தேவைப்பட்டு, அதை விற்கலாம் என்று தரகரைக் கூப்பிட்டார். தரகர் விலை எதுவும் சொல்லவில்லை. “இப்ப வாங்க ஆளில்ல சார். அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, சித்தி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.