கூடத்திலிருந்து கொல்லைக் கதவு வரை

"உட்கார்ந்தா அஞ்சாவது நிமிஷம் முழங்கால் கூப்பிடும் தம்பி. அதை நீட்டினா இடுப்பு. அதையும் சமாளிச்சா, கேஸை அணைச்சோமா இல்லையான்னு மனசு எழுந்து போயிடும். அப்புறம் நானும் எழுந்து போயிடுவேன்."

இப்படிச் சொன்னவர் எங்கள் தெருக்காரர், டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி தூக்கம் சரியில்லை என்று ஒரு தியான வகுப்பில் சேர்ந்து மூன்றாம் நாளே நின்றுவிட்டார். தன்னால் முடியாத காரியம் என்று அதற்கு ஒரு முடிவும் கட்டியிருந்தார். வாழ்நாளெல்லாம் ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனிதரைச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னால் உடம்பு எப்படிக் கேட்கும்? அவருக்கு நான் சொன்னது நடைத் தியானம்.

இது உட்கார முடியாதவர்களுக்காக யாரோ இறக்கிக் கொடுத்த சலுகை அல்ல. புத்தர் காலத்திலிருந்தே பிக்குகள் உட்காருவதற்கு ஈடாக நடந்திருக்கிறார்கள். பாலி மொழியில் அதற்குச் 'சங்கம' என்று பெயர். நம் சங்கமத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே பாதையில் போவதும் வருவதும்தான் சங்கம, அந்தப் பாதைக்கும் அதே பெயர்தான். புத்தகயாவில் மகாபோதி கோயிலின் வடபக்கத்தில், ஞானம் பெற்றபின் புத்தர் நடந்த இடம் என்று நீளமான ஒரு மேடையைக் காட்டுவார்கள். அங்குத்தர நிகாயத்தில் இந்த நடைக்கு ஐந்து பலன்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. நெடும்பயணத்துக்கு உடம்பு பழகும், முயற்சிக்கு வலு வரும், நோய் குறையும், உண்டது செரிக்கும் என்பவை நான்கு. ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது: நடந்து பெற்ற ஒருமுகம் சீக்கிரம் கலையாது.

இன்று பரவலாகச் சொல்லித்தரப்படும் முறைகளில் ஒன்று பர்மாவிலிருந்து வந்தது. அந்நாட்டுத் துறவி மகாசி சயாடோ (1904–1982) பழைய நூல்களில் இருந்ததைச் சாதாரண மக்கள் செய்யக்கூடிய விதத்தில் ஒழுங்குபடுத்தினார். அவர் வழியில் நடக்கும் முகாம்களில் ஒரு மணி நேரம் நடை, ஒரு மணி நேரம் அமர்வு என்று மாறி மாறி வரும். கண்டக்டர் அண்ணனுக்கு நான் காட்டியதும் இதைத்தான், பத்து நிமிஷமாகச் சுருக்கி.

முதலில் பாதை. பார்க் சரிப்படாது. அங்கே எதிரில் வருகிறவருக்குத் தலையாட்டவே நேரம் போய்விடும். எட்டு வடிவத்தில் நடப்பார்களே, அது உடற்பயிற்சி, இது வேறு. இதற்கு இரண்டு முனையும் தெளிவாகத் தெரிகிற நேர்ப்பாதை வேண்டும். முப்பது எட்டு இருந்தால் வசதி, வீட்டுக்குள் பன்னிரண்டு, பதினைந்து எட்டு போதும். அதற்கும் குறைந்தால் திரும்பித் திரும்பித் தலை சுற்றும். ரொம்ப நீண்டாலோ மனசு பாதி வழியிலேயே இறங்கிக்கொள்ளும். அண்ணன் வீட்டில் கூடத்துச் சுவரிலிருந்து கொல்லைக் கதவு வரை அளந்து பார்த்தோம். பதினான்கு எட்டு வந்தது. மிதியடியை மட்டும் எடுத்து ஓரமாகப் போட்டோம்.

வெறுங்காலுடன் சுவரோரம் நிற்க வேண்டும். பாதங்களுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். கைகளை முன்னாலோ பின்னாலோ கோத்துக்கொள்ளலாம், வீசக் கூடாது. பார்வை ஆறடி தள்ளித் தரையில் தளர்வாக விழட்டும். காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தால் கழுத்துதான் வலிக்கும். மேலும், பாதத்தைக் கண்ணால் பார்ப்பது இங்கே வேலை இல்லை, உணர்வதுதான் வேலை. ஒரு நிமிஷம் சும்மா நின்று உடம்பின் கனம் எந்தப் பாதத்தில் கூடுதலாக இறங்குகிறது என்று கவனித்தால் போதும். அண்ணனுக்கு அது வலது குதிகாலில் இறங்கியது. இடது முழங்காலைக் காப்பாற்றவே இத்தனை நாளும் அப்படி நின்றிருக்கிறார், தெரியாமல்.

பிறகு நடக்கலாம், வழக்கமான வேகத்திலேயே. வலது பாதம் தரையில் படும்போது மனசுக்குள் 'வலது', இடது படும்போது 'இடது'. முதல் ஐந்து நிமிஷத்துக்கு இவ்வளவுதான். சொல் காலுக்கு முன்னாலும் போகக் கூடாது, பின்னாலும் வரக் கூடாது. பாதம் படுகிற அதே கணத்தில் விழ வேண்டும்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். நடைத் தியானம் என்றதும் ஆமை வேகத்தில் ஆரம்பித்துவிடுகிறார்கள். உள்ளே பரபரப்பாக இருக்கிறவர் முதல் நிமிஷத்திலேயே மெதுவாக நடந்தால் அந்தப் பரபரப்பு போக வழியில்லாமல் உடம்பில் ஏறிக்கொள்ளும். தோள் விறைக்கும், கால்விரல்கள் தரையைக் கவ்வும், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதே தெரியாது. இந்த மூன்றில் எது வந்தாலும் வேகம் போதவில்லை என்று அர்த்தம். பழைய நடைக்குத் திரும்பிவிட வேண்டும். படபடப்பு அதிகமுள்ள நாளில் இருபது நிமிஷமும் 'வலது, இடது' என்றே போகட்டும், குறை ஒன்றும் இல்லை.

நடை தானாகத் தணியத் தொடங்கியதும் ஒவ்வோர் எட்டையும் இரண்டாகப் பிரிக்கலாம்: 'தூக்குதல், வைத்தல்'. அது பழகியபின் மூன்றாக: 'தூக்குதல், நகர்த்துதல், வைத்தல்'. ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது. இந்த வேகத்தில் எட்டின் நீளம் பாதியாகிவிடுவதால் பதினான்கு எட்டுப் பாதை இருபத்தைந்து எட்டுக்கு மேல் போகும்.

கவனிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தூக்கும்போது குதிகால் முதலில் கிளம்புகிறது, கால் லேசாகிறது. அந்தரத்தில் கெண்டைக்கால் மெல்ல இழுக்கிறது. இறக்கும்போது கனம் திரும்பி வருகிறது. பட்டதும் தரையின் சில்லிப்பு, பிறகு அதன் கடினம், பிறகு உடம்பு முழுதும் அந்தப் பாதத்துக்கு இடம் மாறுகிற அழுத்தம். 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர் ஓர் எட்டை ஆறாகப் பிரித்து, தூக்கும்போது நெருப்பும் காற்றும் மேலோங்குகின்றன, இறக்கும்போது மண்ணும் நீரும் மேலோங்குகின்றன என்கிறார். பூதங்களை நம்புவது நம் இஷ்டம். ஆனால் லேசும் கனமும் அவர் சொன்ன இடத்தில்தான் மாறுகின்றன, செய்து பார்த்தால் தெரியும். ஆறாகப் பிரிப்பது முகாமில் நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு. வீட்டில் மூன்றைத் தாண்ட வேண்டியதில்லை.

மெதுவாக நடக்கும்போது தள்ளாடும். வயதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், சைக்கிள் மாதிரிதான் இதுவும். வேகம் இருக்கிற வரை அதுவே நம்மைத் தாங்கிக்கொண்டு போகும். வேகம் குறைந்ததும் முழு கனமும் ஒற்றைக்காலில் கூடுதல் நேரம் நிற்கிறது. எட்டைச் சின்னதாக்கி, பாதங்களை ஒரே கோட்டில் வைக்காமல் அந்த நாலு விரல் இடைவெளியைக் காத்தால் ஆட்டம் நின்றுவிடும். கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்தவர்களுக்கு இது தெரியும். குதிகாலும் விரல்நுனியும் தொட வைத்து நடக்கையில் பாட்டிமார் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே போவார்கள். சமநிலை குறைந்தவர்கள் இங்கேயும் சுவரோரமே நடப்பது நல்லது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. பொருத்தமான செருப்போடு, பாதத்தை விட்டுவிட்டுத் தொடையின் அசைவையோ இடுப்பில் கனம் மாறுவதையோ கவனிக்கலாம்.

பாதையின் முனைக்கு வருவோம். நடைத் தியானத்தின் கஷ்டமான இடம் அதுதான். பதினான்கு எட்டும் கூடவே வந்த மனசு திரும்புகிற இடத்தில் நழுவிவிடும், ஒரு வேலை முடிந்துவிட்டது என்று அதற்கு நினைப்பு. அதனால் முனையில் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து ஒரு மூச்சு நேரம் நிற்க வேண்டும்: 'நிற்பது, நிற்பது'. பிறகு நான்கைந்து சின்ன அசைவுகளில் 'திரும்புதல், திரும்புதல்'. மறுபடி நிற்பது. அதன்பின் முதல் காலை எடுக்கலாம். குறுகிய பாதையில் இத்தனை முறை திரும்ப வேண்டியிருப்பது வீண் அல்ல. மனசு ஓடிவிட்டதா என்று பார்க்கப் பதினான்கு எட்டுக்கு ஒரு செக்கிங் பாயின்ட் கிடைக்கிறது.

நடுவில் நினைப்பு வரும். லேசாக வந்தால் 'நினைப்பு' என்று ஒரு தடவை குறித்துவிட்டு அடுத்த காலுக்குப் போகலாம். மகனோடு போட்ட சண்டை மாதிரி பெரிதாக வந்தால் நடந்துகொண்டே மல்லுக்கட்ட வேண்டாம். அங்கேயே நின்று, 'நினைப்பு, நினைப்பு' என்று அதன் வேகம் குறையும்வரை குறித்துவிட்டு, பாதத்தின் கனத்துக்குத் திரும்பிய பிறகு கிளம்பலாம்.

இரண்டு வாரம் கழித்து அண்ணனைப் பார்க்கப் போனேன். நன்றாகப் போகிறது, ஒரு நினைப்பும் வருவதில்லை என்றார். எனக்குச் சந்தேகமாக இருந்தது. "எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமா சொல்லிக்கிட்டு நடங்கண்ணே" என்றேன். நடந்தார். கொல்லைக் கதவு வரை ஒழுங்காகப் போனார். திரும்பி நாலு எட்டு வைத்ததும் வாய் 'வலது' என்றது, போனது இடது கால். அடுத்த எட்டும் அப்படியே. அவருக்கே அது தெரியவில்லை. சொன்னதும் நின்று, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "டிக்கெட் டிக்கெட்னு வாய் பாட்டுக்குக் கத்தும் தம்பி, மனசு டிப்போவுல இருக்கும். அதேதான் இது."

நினைப்பு வராமல் இல்லை. சொற்கள் தாமாக ஓட, அதன் அடியில் அவர் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தார். இதற்கு மருந்து, ஒரு நடைக்குச் சொல்லை நிறுத்திவிடுவது. போகும்போது சொல்லோடு, வரும்போது சொல் இல்லாமல் வெறும் உணர்வோடு என்று மாற்றிக்கொண்டார். சொல்லே இல்லாதபோது பாதம் பட்டதா இல்லையா என்பதை உணர்ந்துதான் அறிய வேண்டும், வாய் ஏமாற்ற முடியாது.

மறுபடி நான் போனபோது நேரம் இருபது நிமிஷமாகியிருந்தது. பத்து நிமிஷம் வலது-இடது, பத்து நிமிஷம் மூன்று பிரிவு. தூக்கம் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, அதை மறைக்காமல் சொன்னார். நான் காத்திருக்க, கடைசி நடையை முடித்துக் கொல்லைக் கதவருகே நின்றார். அங்கே துணி துவைக்கும்போது அண்ணி உட்காருகிற முக்காலி கிடந்தது. அதை இழுத்துப் போட்டு, பாதம் இரண்டையும் தரையில் பதித்து உட்கார்ந்தார். உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவதும் அடித்தது. மூன்றாவதுக்கு எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து, அதே முக்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.