இது யாருடி?

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருப்பூரில் என் தோழி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். கைப்பேசியை என்னிடம் நீட்டி, "சத்தமாப் படி, பிழை இருந்தாச் சொல்லு" என்றாள். திருமணத் தகவல் தளம் ஒன்றில் அவளைப் பற்றிப் போட்டிருந்த அறிமுகம் அது. அவள் அண்ணன் எழுதியது.

"எளிமையும் அன்பும் நிறைந்த குடும்பப்பாங்கான பெண். பாரம்பரியத்தை மதிப்பவள், நவீனச் சிந்தனையும் உடையவள். பெரியோரிடம் மரியாதையும் எல்லோரிடமும் அனுசரித்துப் போகும் குணமும்..."

'அனுசரித்து' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் துணியின் தரம் பார்ப்பவள் அவள். சாயம் நிற்கவில்லை என்று முந்தின வாரம்தான் 600 கிலோ துணியைத் திருப்பி அனுப்பியிருந்தாள். முதலாளி ஒரு பக்கம், சாயப்பட்டறைக்காரர் ஒரு பக்கம். நடுவில் ஒற்றை ஆளாக நின்று வாதாடியிருக்கிறாள்.

"இது யாருடி?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதான் எனக்கும் தெரியல" என்றாள். சிரித்திருக்க வேண்டாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆனால் அந்தச் சிரிப்பிலிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கியது.

அண்ணன் மேல் குற்றம் இல்லை. பத்திரிகைகளில் 'மணமகன் தேவை' என்று விளம்பரம் கொடுத்த காலத்தில் வரிக்கும் வார்த்தைக்கும் காசு. அதனால் நல்ல குணம், குடும்பப்பாங்கு என்று நாலு சொல்லில் முடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அந்தச் சொற்கள் நம்மை விடவில்லை. போதாததற்கு, படிவத்தில் நாம் நிரப்பிய விவரங்களை வைத்துத் தளமே ஓர் அறிமுகத்தைக் கோத்துக் கொடுத்துவிடுகிறது. அவசரத்தில் இருப்பவர்கள் அதையே ஏற்றுக்கொள்கிறார்கள். விளைவு, பத்துப் பெண்களின் அறிமுகத்தைப் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் யார் யாரென்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

அன்று நாங்கள் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒவ்வொரு வரிக்கும் நேர் எதிரான வரியைச் சொல்லிப் பார்ப்பது. "அன்பில்லாத பெண்" என்று யாராவது எழுதுவார்களா? "பெரியோரை மதிக்காதவள்" என்று? மாட்டார்கள். அப்படியானால் அந்த வரி அவளைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. அண்ணன் எழுதியதில் இந்தச் சோதனையில் தேறியவை இரண்டே வரிகள்: எந்த ஊர், என்ன வேலை. வயது, படிப்பு, நட்சத்திரம், ராசி எல்லாம் படிவத்திலேயே தனித்தனியாக இருப்பதால் அவற்றை மறுபடி எழுத வேண்டியதில்லை.

அவள் தானே எழுதிய முதல் முயற்சி சரியாக வரவில்லை. "தரக்கட்டுப்பாட்டில் ஒன்பது ஆண்டு அனுபவம்" என்று வேலைக்கு மனுப் போட்டதுபோல இருந்தது. இது பலருக்கும் நேர்வதுதான். பெருமையடிக்கக் கூடாது என்று கூச்சப்படுகிறவர்கள் ஒன்று பொத்தாம்பொதுவான சொல்லில் ஒளிந்துகொள்வார்கள், இல்லாவிட்டால் பதவிப் பெயரில். நான் தினக்காலண்டர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, "நேத்துக் காலையிலிருந்து என்ன செஞ்சே, சொல்லு" என்றேன்.

சொன்னாள். துணியிலிருந்து 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வட்டம் வெட்டித் தராசில் வைப்பாள். 1.8 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி, ஒரு சதுர மீட்டர் 180 கிராம் என்று குறித்துக்கொள்வாள். கேட்ட எடை வரவில்லையென்றால் அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். இதைச் சொல்லும்போது அவள் கை காற்றில் வட்டம் வெட்டியது. அதையெல்லாம் அப்படியே அறிமுகத்தில் போட முடியாதுதான். ஆனால் அவள் பேசுகிற விதம் அதில்தான் இருந்தது.

உயரமும் இடறியது. அண்ணன் இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டிருந்தார். எல்லோரும் செய்வதுதானே என்றார். செய்கிறார்கள்தான். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் துணை தேடிய 80 பேரை நியூயார்க்கில் நேரில் வரவழைத்து உயரம் அளந்தார்கள், எடை போட்டார்கள், வயதையும் சரிபார்த்தார்கள். ஐந்தில் நான்கு பேர் ஏதாவது ஒன்றை மாற்றி எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் சின்னச் சின்ன மாற்றங்கள், நேரில் பார்த்தால் சட்டென்று தெரியாத அளவுக்கு. அண்ணன் கூட்டிய இரண்டு அங்குலமும் அந்த வகைதான். ஆனால் நாளெல்லாம் பிறர் சரக்கை அளக்கிறவளுக்கு அது பொறுக்கவில்லை. 5 அடி 2 அங்குலம் என்று திருத்தினாள். 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் சகோதரர் என்றிருந்ததை 'நானே' என்று மாற்றினாள். பொண்ணே போட்டிருக்கிறாள் என்றால் வீட்டில் பெரியவர்கள் இல்லையோ என்று சில குடும்பங்கள் தயங்கும். அது தெரிந்தேதான் மாற்றினாள்.

நிறுவனத்தின் பெயரும் குடியிருக்கும் பகுதியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இந்தத் தளங்களுக்கு 2016-இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல், பதிவு செய்கிறவரிடம் அடையாளச் சான்று வாங்கச் சொல்கிறது. அதற்காகச் சான்று கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் படிக்கிறார்கள் என்று ஆகிவிடாது.

மூன்றாவது முறை எழுதியதை அவளே வாய்விட்டுப் படித்தாள்:

"துவைத்தால் சாயம் போகுமா, சுருங்குமா என்று துணியைச் சோதித்துச் சொல்வது என் வேலை. மாதக் கடைசியில் சரக்குப் போகிற நாட்களில் வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது ஆகிவிடும், மற்ற நாள் ஆறரைக்கு வந்துவிடுவேன். அப்பா இல்லை. அம்மாவைக் கல்யாணத்துக்குப் பிறகும் நான்தான் பார்த்துக்கொள்வேன். நான் செய்கிற அரிசிம்பருப்பு சாதம் நன்றாக இருக்கும், மற்ற சமையல் சுமார். கோபம் வந்தால் உடனே சொல்லிவிடுவேன். மனதில் இருப்பதைச் சொல்லாமல் நாள்கணக்கில் பேசாமலிருந்தால் எனக்குத் தாங்காது."

ராத்திரி ஒன்பது மணி என்ற வரியை எடுக்கச் சொல்லி அண்ணன் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். "அதப் பாத்தாலே பாதிப் பேர் ஓடிருவாங்க" என்றார். "கல்யாணத்துக்கு அப்புறம் ஓடறதுக்கு இப்பவே ஓடட்டுமே" என்றாள் இவள். எனக்கு அண்ணன் பயமும் புரிந்தது. 33 வயதுப் பெண்ணுக்கு வரும் வரன்களே குறைவு, அதிலும் பாதியை நாமே தள்ளிவிடுவதா என்று எந்த அண்ணனும் கேட்பான். ஆனாலும் அந்த அறிமுகம் முழுவதிலும் கல்யாண வாழ்க்கைக்கு நேரடியாகப் பயன்படுகிற வரிகள் அதுவும் அம்மாவைப் பற்றியதும்தான். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரிசிம்பருப்பு சாதம்.

அண்ணன் சொன்னதும் பலித்தது. முன்பு தினம் நாலைந்து பேர் விருப்பம் தெரிவிப்பார்கள், இப்போது வாரத்துக்கே இரண்டு மூன்றுதான். முன்பு வந்தவர்கள் எதுவும் கேட்டதில்லை. ஜாதகம் அனுப்புங்கள் என்பதோடு சரி. இப்போது வருகிறவர்கள் கேள்வி கேட்கிறார்கள். அம்மா எங்கே இருப்பார் என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னதும் மேற்கொண்டு பேசவில்லை.

ஐப்பசியில் ஈரோட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா கூப்பிட்டாராம். எடுத்த எடுப்பில், "மாசக் கடைசின்னு போட்டிருக்கறீங்களே, எத்தன நாளுங்க கண்ணு?" என்று கேட்டிருக்கிறார்.

"அஞ்சு நாளுங்க. சில மாசம் ஆறு."

"எம் பையன் ஆடிட்டர் ஆபீசுல இருக்கறானுங்க. செப்டம்பர் முச்சூடும் ராத்திரி பத்துக்கு மேலதான் வருவான். சோத்த மூடி வெச்சிட்டு நான் தூங்கிருவனுங்க."

கார்த்திகை முதல் ஞாயிறு அவர்கள் வருகிறார்கள். என்ன சமைக்கப் போகிறாய் என்று கேட்டேன். "எழுதிப் போட்டாச்சே, அதைத்தான்" என்றாள்.