கடிதத்தில் கையைப் பற்றி எங்கே எழுதுவது?

பட்டர்வொர்த்தைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மாக் மண்டினுக்கும் பிறைக்கும் வேலை தேடிப் போகும் பிள்ளைகள் பலர். அவர்களில் சிலருக்குப் பார்த்தவுடன் தெரியும் உடற்குறை உண்டு. ஒருவருக்குக் கால் சூம்பியிருக்கும். ஒருவருக்கு இயந்திரத்தில் விரல்கள் போயிருக்கும். வேலைக்கு எழுதும் விண்ணப்பக் கடிதத்தில் இதைச் சொல்லலாமா, சொல்வதென்றால் எங்கே, எப்படிச் சொல்வது என்பதை இன்று பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தோட்டத்துப் பெண் ஒருத்தி, இருபது வயது. எஸ்.பி.எம். முடித்தவள். பிறவியிலேயே இடக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. இரண்டு ஆண்டுகளாகப் பக்கத்து ஊரில் ஒரு பலசரக்குக் கடையில் கிடங்குக் கணக்கைப் பார்த்து வருகிறாள். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் கிடங்குக்குக் கிராணி வேண்டும் என்ற விளம்பரம் வந்திருக்கிறது. கடிதம் எழுத வேண்டும்.

முதலில் அப்பா ஒரு கடிதம் எழுதச் சொன்னார். "எனக்கு ஒரு கை இல்லை. தோட்டத்தில் வேலை செய்யும் என் பெற்றோர் ஏழைகள். தயவுகூர்ந்து கருணை காட்டி இந்த வேலையைத் தர வேண்டும்" என்று அது தொடங்கியது. அப்பாவின் எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். அவருக்கு வேண்டியது சரக்கின் வரவையும் செலவையும் பிழையில்லாமல் எழுதும் ஓர் ஆள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் மனத்தில் தங்குவது இரக்கம் ஒன்றுதான். இரக்கப்படுகிறவர் நன்கொடை தரலாம். கிடங்குச் சாவியை நம்பித் தருவது சந்தேகம்.

அண்ணன் வேறு வழி சொன்னான். "கையைப் பற்றி மூச்சு விடாதே. நேர்காணலுக்குக் கூப்பிடட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றான். சட்டப்படி அதில் குற்றம் ஒன்றுமில்லை. உடலைப் பற்றிக் கடிதத்தில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே தெரியாத நோயாக இருந்தால், அது வேலையைத் தொடாதவரை, சொல்லாமல் விடுவதே பலருக்குப் பொருத்தம். ஆனால் இங்கே நிலைமை வேறு. கதவைத் திறந்து உள்ளே வந்த நொடியிலேயே கை தெரிந்துவிடும். நேர்காணல் பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடந்தான். எதிர்பாராததைக் கண்டவர் அந்த நேரத்தில் பாதியை, "இந்தப் பெண் எப்படித் தட்டச்சு செய்வாள், எப்படிப் பெட்டியைத் தூக்குவாள்" என்று தமக்குள்ளேயே யோசித்துக் கழித்துவிடுவார். கேட்டால் மனம் புண்படுமோ என்று கேட்கவும் மாட்டார். கேட்காத கேள்விக்கு நாம் பதில் சொல்ல முடியாது.

ஆகவே கடிதம் அந்தக் கேள்வியை முன்கூட்டியே எடுத்து, பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் அவள் வேலையில் எப்படிப்பட்டவள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரிசைதான் இங்கே முக்கியம். முதல் பத்தியில் எந்த வேலைக்கு எழுதுகிறோம் என்பது. இரண்டாம் பத்தியில் அந்த வேலையில் என்ன செய்து பழக்கம் என்பது. மூன்றாம் பத்தியில் கையைப் பற்றி. நான்காம் பத்தியில் சோதித்துப் பார்க்கலாம் என்ற அழைப்பு. முதல் வரியில் கையைச் சொன்னால், பின்னால் வரும் எல்லாவற்றையும் அதன் வழியாகவே படிப்பார்கள். கடைசி வரியில் சொன்னால், மறைத்து மறைத்துக் கொண்டுபோய்ப் போட்டதுபோல் இருக்கும். கடிதத்தை மடித்து வைத்த பிறகும் அதுவே நினைவில் நிற்கும்.

அந்தப் பெண் எழுதிய கடிதத்தை இப்போது கேளுங்கள். அனுப்பியது மலாயில். பொருளைத் தமிழில் சொல்கிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் தொழிற்சாலைக் கிடங்குக்குக் கிராணி தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பிக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளாக ஒரு பலசரக்குக் கடையின் கிடங்குக் கணக்கைப் பார்த்து வருகிறேன். ஏறத்தாழ 600 வகைச் சரக்குகளின் வரவு செலவைக் கணினியில் பதிகிறேன். மாதக் கடைசியில் சரக்கை எண்ணி, கணக்கோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் காரணத்தைக் கண்டு எழுதி வைக்கிறேன். பழைய தேதிச் சரக்கு முன்னால் வரும்படி அடுக்கும் முறையை நான் தொடங்கினேன். அதன் பிறகு தேதி கடந்து வீணாகும் பால்மாவும் எண்ணெயும் குறைந்தன. கடை உரிமையாளர் இதை உறுதி செய்வார்.

எனக்குப் பிறவியிலேயே இடக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. வலக்கையால் கணினியில் பதிகிறேன். ஒரு மணி நேரத்தில் 40 சரக்குச் சீட்டுகளைப் பதிந்துவிடுவேன். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் நகர்த்துகிறேன். 5 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியை மேல்தட்டில் ஏற்றும்போது மட்டும் இன்னொருவர் துணை வேண்டும்.

தங்கள் சரக்குச் சீட்டுகள் சிலவற்றைக் கொடுத்து என் வேலையைச் சோதித்துப் பார்க்கலாம். அழைக்கும் நாளில் வருகிறேன்."

மூன்றாம் பத்தியைக் கவனியுங்கள். அதில் மூன்றே செய்திகள். என்ன குறை என்பது ஒன்று. வேலையை எப்படிச் செய்கிறாள் என்பது இரண்டு. எதற்குத் துணை வேண்டும் என்பது மூன்று. அவ்வளவுதான். பிறந்தபோது மருத்துவர் சொன்னது, பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தது, அம்மா அழுதது எதுவும் அங்கே இல்லை. "இருந்தாலும்", "குறைபாட்டையும் மீறி", "மன்னிக்கவும்" என்ற சொற்களும் இல்லை. "இருந்தாலும்" என்று எழுதினால், கை இல்லாதவள் வேலை செய்வது வியப்பு என்று நாமே ஒப்புக்கொள்வதாகிவிடும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். மலாயில் எழுதும்போது "சாசாட்" என்ற பழைய சொல்லை விட்டு, அரசாங்கம் இப்போது வழங்கும் "ஓராங் கூராங் உப்பாயா", அதாவது ஓ.கே.யூ. என்பதை எழுதுவது நல்லது. அதைவிட நல்லது, இந்தப் பெண் செய்ததுபோல் உள்ளதை உள்ளபடி சொல்வது. "ஓ.கே.யூ." என்று மட்டும் எழுதினால், படிப்பவர் கண்ணா, காதா, காலா என்று தாமாகவே கற்பனை செய்துகொள்வார். கற்பனை எப்போதும் உண்மையைவிடப் பெரிதாகத்தான் போகும்.

அடுத்தது, 40 சீட்டு, 5 கிலோ என்ற கணக்கு. இவை எங்கிருந்து வந்தன? கடிதம் எழுதுமுன் மூன்று நாள் அவள் கடையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சீட்டுகளைப் பதிந்தாள். ஒரு நாள் 46, ஒரு நாள் 43, கூட்டமான நாளில் 40. கடிதத்தில் எழுதியது குறைந்த எண்ணை. தொழிற்சாலையில் உட்கார வைத்துச் சோதித்தால் பதற்றத்திலும் அந்த எண்ணிக்கை வர வேண்டுமல்லவா? அதுபோலவே பெட்டியையும் தூக்கிப் பார்த்தாள். 5 கிலோ வரை தோளுக்கு மேலே ஏற்ற முடிந்தது. 8 கிலோ பெட்டி சரிந்தது. அதை மறைத்து, "எல்லா வேலையும் செய்வேன்" என்று எழுதியிருந்தால், வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே பெட்டி விழுந்திருக்கும். அன்றைக்குக் கடிதத்தின் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். முடியாத ஒன்றை அளவோடு சொல்வது, முடியும் என்று சொன்ன பத்துக்கும் பிணை நிற்கிறது.

ஓ.கே.யூ. அட்டையைப் பற்றிக் கேட்பீர்கள். சமூகநலத் துறையில் பதிந்துகொண்டவர்களுக்கு அது கிடைக்கும். பதிவது அவரவர் விருப்பம். கடிதத்தோடு அட்டையின் நகலை இணைக்க வேண்டியதில்லை. நேர்காணலுக்குக் கையில் கொண்டுபோனால் போதும். ஓ.கே.யூ. ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு முதலாளி வருமான வரியில் கூடுதல் கழிவு கேட்கலாம். அப்போது அட்டை உதவும். ஆனால் அதைக் கடிதத்தில் காரணமாகக் காட்ட வேண்டாம். வரிக்காக எடுத்த ஆள் என்று பெயர் வாங்குவதைவிட, கணக்குக்காக எடுத்த ஆள் என்று பெயர் வாங்குவது மேல்.

சட்டம் என்ன சொல்கிறது? 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685-ஆம் சட்டம், மற்றவர்களுக்குச் சமமாக வேலை பெறும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்று சொல்கிறது. ஆனால் மீறிய முதலாளிக்குத் தண்டனை என்ன என்று அதில் இல்லை. ஆகவே சட்டத்தின் பெயரைக் கடிதத்தில் எழுதி மிரட்டுவதால் கதவு திறக்காது. நல்ல கடிதம் எழுதியும் சிலர் கூப்பிடமாட்டார்கள். அதையும் தெரிந்தே அனுப்ப வேண்டும். கூப்பிடுகிறவர் கையைத் தெரிந்துகொண்டு கூப்பிடுகிறார் என்பதே இந்தக் கடிதத்தின் பயன்.

வேலையில் அடிபட்டுக் குறை வந்தவர்களுக்கு ஒரு சொல். அவர்களுடைய விவரத்தில் ஓராண்டு, இரண்டாண்டு இடைவெளி இருக்கும். "விபத்துக்குப் பின் சிகிச்சை பெற்று, மருத்துவர் அனுமதியோடு இந்த வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். பழைய முதலாளி செய்தது சரியா தவறா என்பதும், சொக்சோ வழக்கும் இந்தக் கடிதத்துக்கு உரியவையல்ல. சொக்சோவில் சந்தா செலுத்தியவர்கள், 2007-இல் அது தொடங்கிய "மீண்டும் வேலைக்கு" திட்டத்தைப் பற்றி அதன் அலுவலகத்தில் கேளுங்கள். தங்களுக்கு ஏற்ற வேலையைத் தேட அங்கே துணை கிடைக்கும்.

முடிவாக, கடிதம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வீட்டைச் சேராத ஒருவரிடம், ஆசிரியரோ கடைக்காரரோ, படிக்கக் கொடுங்கள். படித்ததும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, "என்ன நினைவிருக்கிறது?" என்று கேளுங்கள். "பாவம், கை இல்லாத பெண்" என்றால் திரும்ப எழுத வேண்டும். கையைப் பற்றி அவருக்கு எதுவுமே நினைவில்லை என்றால், அந்தச் செய்தியை எங்கோ புதைத்துவிட்டோம் என்று பொருள். "கிடங்குக் கணக்கில் கெட்டிக்காரி, ஒரு கைதான், தள்ளுவண்டி வைத்துச் சமாளிக்கிறாள்" என்றால், அன்றைக்கே அனுப்பிவிடலாம்.