பதவியேற்பு உரையில் எந்தச் சொல்லை எடுப்பது?

ஊர் இளைஞர் நற்பணி மன்றத்தில் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும் நாளில், ஒருவர் வரி வரியாகச் சொல்ல, மற்றவர்கள் வலக்கையை நீட்டித் திருப்பிச் சொல்வார்கள். அந்த உரையில் சத்தியம், சபதம், உத்தரவாதம், வாக்குறுதி எல்லாம் சில சமயம் ஒரே பத்தியில் வந்து விழுகின்றன. கேட்க எடுப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் சொல்பவரை வேறு விதமாகக் கட்டுகிறது.

சத்தியத்துக்குச் சாட்சி வேண்டும். கற்பூரத்தை அணைத்தும், பிள்ளையின் தலையில் கை வைத்தும் சத்தியம் செய்வது அதனால்தான். கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினரிடம் கடவுள் சாட்சியாகச் சத்தியம் கேட்பது முறையாகாது. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே இதற்கு வழிவிட்டிருக்கிறது: கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது இரண்டாவதைத்தான் எடுத்தார். மன்றத்துக்கும் ‘உறுதி கூறுகிறேன்’ என்பதே பொருந்தும். எல்லோராலும் மனம் கூசாமல் சொல்ல முடியும்.

சபதம் வேறு. அவமானமோ அநீதியோ அதற்குப் பின்னால் இருக்கும். துச்சாதனன் பற்றி இழுத்த கூந்தலைப் பழி தீரும்வரை முடிய மாட்டேன் என்று பாஞ்சாலி சொன்னது சபதம். நூலகத்தைத் தினமும் திறந்து வைப்பதற்கு அந்தச் சொல் தேவையில்லை.

பெரிய சிக்கல் உத்தரவாதத்தில் வருகிறது. விளைவு நம் கையில் இருந்தால்தான் அதைத் தரமுடியும். “இந்த ஊரில் இனி யாரும் குடிக்க மாட்டார்கள் என உத்தரவாதம் அளிக்கிறோம்” என்று ஒரு மன்றம் சொன்னால், அடுத்தவர் நடத்தைக்குத் தன்னைப் பிணை வைக்கிறது. முதல் வாரமே அது பொய்யாகும். “நான் குடிக்க மாட்டேன்” என்பது உறுதிமொழி. அதை மீறினால் மீறியவர் யாரென்று தெரியும். இந்த ‘நான்’ முக்கியம். ‘நாங்கள்’ என்று சேர்ந்து சொல்லும்போது யாரும் தனியே பொறுப்பாவதில்லை. அதனால்தான் அரசுப் பதவியேற்பிலும் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி, ‘எனும் நான்’ என்று தொடங்குகிறார்கள்.

வாக்குறுதி இன்னொருவருக்குக் கொடுப்பது. பெற்றவர் பிறகு வந்து கேட்கலாம். ஆகவே அதில் அளவு இருக்கவேண்டும். “எப்போது அழைத்தாலும் ரத்தம் தருவோம்” என்ற வரியைப் பாருங்கள். நம் நாட்டில் ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் இடைவெளி விடவேண்டும். 18 வயது நிரம்பாதவரும் 45 கிலோவுக்குக் குறைவானவரும் கொடுக்கவே முடியாது. மன்றத்தில் பள்ளி மாணவர்களும் இருப்பார்களே! அந்த வரியை இப்படி மாற்றலாம்: “ரத்த தானம் செய்யத் தகுதியுள்ள உறுப்பினர்களின் பட்டியலைத் தயாராக வைத்திருப்பேன், என் முறை வரும்போது, மருத்துவர் அனுமதித்தால், தருவேன் என்று உளமார உறுதி கூறுகிறேன்.”