காசு வாங்கி இன்டர்வியூ பயிற்சி: ஒரு பேட்ச்சில் எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

"சனிக்கிழமை ஃப்ரீதானே, காலேஜ் பசங்களுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுத்தா என்ன? ஆளுக்கு 500 ரூபாய் வாங்கலாமே!" ஐ.டி. வேலையில் இருக்கும் பலருக்கும் ஒருநாள் இந்த யோசனை வரும். நல்ல யோசனைதான். ஆனால், 60 பேரை ஒரே ஹாலில் உட்கார வைத்தால் அது பயிற்சி இல்லை, சொற்பொழிவு.

கணக்கு என்ன?

ஒரு மாதிரி நேர்காணலுக்கு 10 நிமிடம், அதில் என்ன சரி, என்ன தப்பு என்று சொல்ல 5 நிமிடம். ஆக, ஒருவருக்கு 15 நிமிடம். மூன்று மணி நேரத்தில் 12 பேரைத்தான் பார்க்க முடியும். 60 பேர் என்றால் தலைக்கு 3 நிமிடம்தான். பேரு, ஊரு சொல்றதுக்குள்ளயே முடிஞ்சிடும்.

12 பேரிடம் 500 ரூபாய் வீதம் வாங்கினால் 6,000 ரூபாய். ஹால் வாடகை 1,500, டீ, பிரின்ட்அவுட்டுக்கு 500 என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 4,000. முதல் நாளே எல்லாருடைய ரெஸ்யூமேயையும் படிக்க 2 மணி நேரம் ஆகும். மொத்தம் 5 மணி நேர உழைப்புக்கு, மணிக்கு 800 ரூபாய். 60 பேர் வந்தால் வசூல் 30,000 ஆகும். ஆசை வருவது இங்கேதான்.

அந்த 15 நிமிடத்தில் என்ன நடக்கும்?

நான்கு பேர் சேர்ந்து செய்த ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "நூலக மேலாண்மை சாஃப்ட்வேர் பண்ணோம் சார்" என்பார் மாணவர். "அதுல நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் திணறுவார். "புத்தகம் தேடும் பகுதியை நான் எழுதினேன். ஒரே தலைப்பில் இரண்டு புத்தகம் வந்தப்போ சிக்கல் வந்தது, இப்படிச் சரிசெய்தேன்" என்று அவரே சொல்லும் வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நேரம் போவது இதற்குத்தான். மற்ற 11 பேரும் சும்மா வேடிக்கை பார்க்காமல், அதே கேள்விக்குத் தங்கள் பதிலை எழுதி வைக்கலாம்.

வேலைக்குச் சிக்கல் வராதா?

வரலாம். வெளிவேலை பற்றி உங்கள் ஆஃபர் லெட்டரில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அனுமதி தேவை என்றால் ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பையும், உங்கள் கம்பெனி இன்டர்வியூவில் கேட்கும் கேள்விகளையும் தொடாதீர்கள். இந்த வருமானத்தையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இது தொழில் வருமானமாகக் கருதப்பட்டால் ஐ.டி.ஆர்-1 படிவம் செல்லாது.

மாணவர்களுக்கு?

பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "எனக்குன்னு எத்தனை நிமிஷம் சார்?" அதற்கு நேரடி பதில் வராமல் சர்டிஃபிகேட் பற்றிப் பேச ஆரம்பித்தால், 500 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.