சௌக்காபாராவில் தோற்பவர் கை

பெங்களூரில் அண்டை வீட்டார் ஆடும் சௌக்காபாராவும் நம் தாயமும் ஓரினத்தவை. 25 கட்டங்கள், 4 சோழிகள், ஆளுக்கு 4 காய்கள். வெட்டுண்ட காய் மீண்டும் மனையிலிருந்து புறப்படுமாதலால், எவரும் நடுவில் எழ வேண்டுவதில்லை. இடர் வேறிடத்தில் உளது. வெல்லும் வாய்ப்பிழந்தவருக்கு 4 விழுகிறது. முன்னணியிலுள்ள இருவர் காய்களும் அவர் கைக்கு எட்டுகின்றன. எதனை வெட்டினாலும் அவருக்கு ஊதியமில்லை. ஆயினும் மற்றவருக்கு வெற்றியை வழங்குபவர் அவரே. மனத்தாங்கல் அங்கேதான் பிறக்கிறது.

பச்சீசியில் இதற்கு வழியுண்டு. எதிரெதிரே அமர்ந்தவர் கூட்டாளிகள். இருவர் காய்களும் பழமானாலன்றி வெற்றியில்லை. ஆதலின் பின்தங்கியவர் வெட்டும் தம் கட்சிக்கே பயன்படும். சௌக்காபாராவையும் நால்வர் இவ்வாறே ஆடலாம். மூவரே இருப்பின், முதல்வர் வென்றபின்னும் இரண்டாமிடத்திற்கு ஆடலாம். அப்போது கடைசியிலிருப்பவர் தமக்கு அடுத்து முன்னுள்ளவர் காயையே குறிவைப்பார். முதல்வர் எளிதில் தப்பிவிடுவார் என்பதொன்றே குறை.