கம்பி உடையாது, ஆனால் விழும்

2 மீட்டர் உயரமுள்ள ஓர் எஃகுக் கம்பி. குறுக்குவெட்டு 20 மி.மீ.க்கு 20 மி.மீ. சதுரம். அடிப்பக்கம் தரையில் இறுகப் பதிந்திருக்கிறது, மேல்நுனி எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்கிறது. அந்த நுனியில் நேர் செங்குத்தாக 2000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ, அழுத்துகிறது. தாங்குமா?

பொறியியல் மாணவர் கணினியில் முதலில் செய்து பார்ப்பது நிலையியல் ஆய்வு. கம்பியின் பரப்பு 400 சதுர மி.மீ. அதன்மேல் 2000 நியூட்டன் என்றால், சதுர மி.மீ.க்கு 5 நியூட்டன்தான் தகைவு. சாதாரண எஃகு 250 வரை தாங்கும். பாதுகாப்பு எண் 50! கம்பி குறுகுவதும் மி.மீ.யில் இருபதில் ஒரு பங்குதான். திரை முழுக்க நீல நிறம். மாணவர் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுகிறார்.

உண்மையில் அந்தக் கம்பி நிற்காது. பக்கவாட்டில் வளைந்து சாய்ந்துவிடும்.

நிலையியல் ஆய்வின் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் வேறு. அந்த ஆய்வு, சுமை ஏறுவதற்கு முன்பிருந்த நேரான வடிவத்தை வைத்தே சமன்பாடுகளை எழுதுகிறது. விசை நேர் கீழ்நோக்கி இருக்கிறது, பக்கவாட்டில் தள்ள எதுவும் இல்லை. ஆகவே பக்கவாட்டு நகர்வு பூச்சியம் என்றே விடை வரும். சுமையைப் பத்து மடங்கு ஆக்கினாலும் அந்தப் பூச்சியம் மாறாது.

பக்லிங் ஆய்வு கம்பியைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கிறது. நுனி சற்று விலகினால், சுமைக்கும் அடித்தளத்துக்கும் இடையே ஒரு நெம்புகோல் தூரம் உண்டாகிறது. சுமை அதைப் பயன்படுத்தி இன்னும் வளைக்கப் பார்க்கிறது. கம்பியின் விறைப்பு நிமிர்த்தப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும் சுமைதான் எல்லை. ஆய்லர் 1744-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான வாய்பாட்டைத் தந்தார். இந்தக் கம்பிக்கு அது இப்படி வரும்:

P = π²EI / 4L² ≈ 1645 N

ஏற்றியதோ 2000. ஆகவே மென்பொருள் காட்டும் சுமைக்காரணி 0.82. ஒன்றுக்குக் கீழே வந்தால் கம்பி நிற்காது என்று பொருள். ஒரே கம்பிக்கு ஓர் ஆய்வு 50 என்கிறது, மற்றொன்று 0.82 என்கிறது.

வாய்பாட்டில் எஃகின் வலிமை எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். E என்பது யங் குணகம். எல்லா எஃகுக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றுதான். விலையுயர்ந்த, வலிமை கூடிய எஃகை வாங்கினாலும் 1645 அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது வடிவத்தை. அதே 400 சதுர மி.மீ. எஃகை 52 மி.மீ. பக்கமும் 2 மி.மீ. தடிப்பும் கொண்ட சதுரக் குழாயாக்கினால், எல்லைச் சுமை சுமார் 20,600 நியூட்டனாகிறது. பன்னிரண்டு மடங்குக்கு மேல்! எடை அதேதான். நிலையியல் ஆய்வோ இரண்டுக்கும் 5 என்ற ஒரே தகைவைத்தான் காட்டும்.

அதிர்வு ஆய்வு (மோடல் என்பது இதுதான்) சுமையையே கேட்பதில்லை. கம்பியைத் தட்டிவிட்டால் அது தானாக எந்த வேகத்தில் ஆடும் என்று சொல்கிறது. நம் கம்பிக்கு முதல் அதிர்வெண் நொடிக்கு 4.1. அருகில் நிமிடத்துக்கு 245 சுற்று சுற்றும் எந்திரம் ஒன்று இருந்தால் ஆட்டம் பெருகும். சதுரமாக இருப்பதால் இரு திசைகளிலும் ஆட முடியும். எனவே இதே எண் பட்டியலில் இருமுறை வரும். அது பிழையல்ல. ஆனால் இங்கேதான் பல மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள்: திரையில் தெரியும் நகர்வு அளவை உண்மையான மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதிர்விலும் பக்லிங்கிலும் வடிவம் மட்டுமே உண்மை. அளவு மென்பொருள் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது.

இரண்டுக்கும் ஓர் அழகான உறவும் உண்டு. அழுத்த விசை ஏற ஏற, கம்பியின் விறைப்பு குறைகிறது, ஆட்டம் மந்தமாகிறது. 1000 நியூட்டனில் 4.1 என்பது ஏறத்தாழ 2.5 ஆகும், 1645-இல் பூச்சியத்தைத் தொடும். சுமையின் விளைவையும் சேர்க்கச் சொன்னால்தான் அதிர்வு ஆய்வு இதைக் காட்டும்.

கனடாவின் கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அழுத்தத்தைத் தாங்கும் கீழ்ப்பக்க உறுப்புகள் வளைந்து நொடிந்ததே காரணம். விழுவதற்கு முன்பே அவற்றில் வளைவு கூடிவருவதைத் தளத்தில் இருந்தவர்கள் அளந்து பார்த்திருந்தார்கள்.

ஆய்லரின் எண்ணும் மேல்வரம்புதான். அது கம்பி முற்றிலும் நேரானது, சுமை சரியாக நடுவில் இருக்கிறது என்று கொள்கிறது. பட்டறையிலிருந்து வரும் எந்தக் கம்பியும் அப்படி இருப்பதில்லை. ஆகவே சுமைக்காரணி 1.2 என்று வந்தால் மாணவர் அதை நம்பிவிடக் கூடாது. முதல் பக்லிங் வடிவத்தையே சிறிய தொடக்க வளைவாகக் கம்பிக்குக் கொடுத்து, நேரியலற்ற ஆய்வை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.